ஞாயிற்றுக்கிழமை மட்டும் சரியாகும் தேடல்: டெல்டாவிலும் முழு ரீஇன்டெக்ஸிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டு உபயோகப் பொருள்களை விற்கும் ஓர் இணையக் கடையை எடுத்துக்கொள்வோம். பொருள்களின் விவரம், விலை, இருப்பு எல்லாம் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் இருக்கின்றன. வாடிக்கையாளர் தேடும்போது பதில் தருவது எலாஸ்டிக்சர்ச்சில் உள்ள இன்டெக்ஸ். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை க்ரான் மூலம் ஓடும் டெல்டா வேலை, முந்தைய ஓட்டத்துக்குப் பிறகு மாறிய பொருள்களை மட்டும் இன்டெக்ஸில் ஏற்றுகிறது. ஞாயிற்றுக்கிழமை அதிகாலை 2 மணிக்கு முழு ரீஇன்டெக்ஸ் நடந்து, இன்டெக்ஸ் அடியிலிருந்து புதிதாகக் கட்டப்படுகிறது.

புதன்கிழமை ஒரு வாடிக்கையாளர் புகார் செய்கிறார்: தேடல் பட்டியலில் மிக்ஸியின் விலை 3,499 ரூபாய், உள்ளே போனால் 3,899 ரூபாய். நிரலாளர் அட்மின் பக்கத்தில் அந்த மிக்ஸியைத் திறந்து, எதையும் மாற்றாமல் ஒரு முறை சேமிக்கிறார். அடுத்த டெல்டாவில் விலை சரியாகிவிடுகிறது, புகாரும் மூடப்படுகிறது. இதே காரணத்தால் தவறிப்போன மற்ற பொருள்களை ஞாயிற்றுக்கிழமை ரீஇன்டெக்ஸ் சத்தமில்லாமல் திருத்திவிடுவதால், டெல்டாவில் உள்ள ஓட்டை மாதக்கணக்கில் யார் கண்ணிலும் படுவதில்லை. கீழே சொல்லும் தவறுகள் எல்லாவற்றுக்கும் இந்த மறைப்பே பொதுவான குணம்.

கடைசி ஓட்டத்தின் நேரத்தை நம்புவது

பெரும்பாலான டெல்டா வேலைகள் `updated_at > கடைசி ஓட்ட நேரம்` என்ற ஒரே நிபந்தனையில் நிற்கின்றன. இதில் ஓட்டையே இல்லை என்று தோன்றும். மிக்ஸிக்கு என்ன நடந்தது என்று பார்த்தால் ஓட்டை எங்கே இருக்கிறது என்று தெரியும்.

அன்று காலை 10:03:10 மணிக்கு, சப்ளையர் அனுப்பிய விலைக் கோப்பை ஏற்றும் வேலை ஒரே டிரான்சாக்ஷனாகத் தொடங்கியது. போஸ்ட்கிரெஸில் `now()` தருவது அந்த வரி இயங்கிய நேரத்தை அல்ல, டிரான்சாக்ஷன் தொடங்கிய நேரத்தை. ஆகவே அந்தக் கோப்பில் இருந்த பொருள்கள் அனைத்துக்கும் `updated_at` 10:03:10 என்றே பதிவானது. கமிட் ஆனதோ 10:06:40 மணிக்கு. இடையில் 10:05:00 மணிக்கு ஓடிய டெல்டாவுக்கு, கமிட் ஆகாத அந்த மாற்றங்கள் தெரியவில்லை. அது தன் குறியை 10:05:00 என்று எழுதி வைத்துவிட்டுப் போனது. 10:10 மணிக்கு ஓடிய அடுத்த டெல்டா, 10:05:00க்குப் பிறகு மாறியவற்றை மட்டும் கேட்டது. 10:03:10 என்ற முத்திரையோடு நிற்கும் மிக்ஸியை இனி எந்த டெல்டாவும் எடுக்காது.

`now()` என்பதற்குப் பதில் `clock_timestamp()` பயன்படுத்தினால் சரியாகிவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். இடைவெளி சற்றுக் குறையுமே தவிர மறையாது. வரி எழுதப்படும் நேரத்துக்கும் கமிட் ஆகும் நேரத்துக்கும் இடையே எப்போதும் ஒரு சந்து இருக்கும். `updated_at` மதிப்பைச் செயலி சர்வரே நிரப்பும் இடங்களில், அந்த சர்வரின் கடிகாரம் தரவுத்தளத்தின் கடிகாரத்திலிருந்து விலகும் அளவும் இதோடு சேர்ந்துகொள்ளும்.

எளிய மருந்து, ஒவ்வொரு முறையும் குறியிலிருந்து சற்றுப் பின்னால் போய் எடுப்பது. உங்கள் அமைப்பில் மிக நீளமான டிரான்சாக்ஷன் நான்கு நிமிடம் ஓடும் என்றால், பதினைந்து நிமிடம் பின்னால் போகலாம். ஒரே பொருளை மூன்று முறை ஏற்றுவதால் கேடில்லை; பொருளின் எண்ணையே டாக்குமெண்டின் எண்ணாக வைத்திருந்தால், பழையதன் மேல் புதியது எழுதப்படும், அவ்வளவே. ஆனால் இதற்கும் எல்லை உண்டு. என்றாவது ஒரு நாள் இருபது நிமிடம் ஓடும் டிரான்சாக்ஷன் வந்தால் அதே தவறு திரும்ப நடக்கும். அதனால் நேரத்தையே நம்பாத ஒரு வழியை நான் விரும்புகிறேன். அதை அடுத்த தவறோடு சேர்த்துச் சொல்வது எளிது.

பொருள் அட்டவணையை மட்டும் பார்ப்பது

இன்டெக்ஸில் உள்ள ஒரு டாக்குமெண்டில் பொருளின் பெயர், பிராண்டு, பகுப்பின் பெயர், விலை, இருப்பு எல்லாம் சேர்ந்து கிடக்கும். தரவுத்தளத்திலோ இவை நான்கைந்து அட்டவணைகளில் பிரிந்திருக்கும். பகுப்பின் பெயரை ‘சமையலறை’ என்பதிலிருந்து ‘சமையலறைச் சாதனங்கள்’ என்று மாற்றினால், மாறுவது பகுப்பு அட்டவணையில் ஒரே ஒரு வரி. `products` அட்டவணையின் `updated_at` அசைவதில்லை. நீக்கப்பட்ட பொருளின் கதை இதைவிட மோசம். வரியே இல்லாமல் போன பிறகு, எந்த நேரத்தைச் சொல்லிக் கேட்டாலும் அது பதிலில் வராது. வாங்க முடியாத பொருள் தேடலில் வந்துகொண்டே இருக்கும்.

இதற்கு நேரான தீர்வு, மாறிய பொருளின் எண்ணை மட்டும் குறித்து வைக்கும் ஒரு வரிசை அட்டவணை.

```sql
CREATE TABLE index_queue (
  id         bigserial PRIMARY KEY,
  product_id bigint NOT NULL,
  done_at    timestamptz
);
```

பொருள், விலை, இருப்பு, பகுப்பு என ஒவ்வோர் அட்டவணையிலும் டிரிக்கர் வைத்து, சேர்த்தாலும் மாற்றினாலும் நீக்கினாலும் தொடர்புடைய பொருளின் எண் இதில் விழும்படி செய்ய வேண்டும். பகுப்பின் பெயர் மாறினால் அந்தப் பகுப்பில் உள்ள அத்தனை பொருள்களின் எண்ணும் விழும். அதனால் டெல்டா ஒரு முறைக்கு ஆயிரம் வரிகள் என்று பிரித்து எடுப்பது நல்லது. மாற்றமும் அதன் குறிப்பும் ஒரே டிரான்சாக்ஷனில் கமிட் ஆவதால், மிக்ஸிக்கு நேர்ந்தது இங்கே நேராது. டெல்டா, `done_at` காலியாக உள்ள வரிகளை முதலில் படித்து, அந்தப் பொருள்களின் இன்றைய நிலையைத் தரவுத்தளத்தில் பார்க்கிறது. பொருள் இருந்தால் ஏற்றுகிறது, இல்லாவிட்டால் இன்டெக்ஸிலிருந்து நீக்குகிறது.

இங்கேயும் ஒரு வழுக்கல் இருக்கிறது. வேலை முடிந்ததும் `WHERE id <= 52000` என்று மொத்தமாக முடித்துக் குறிக்கக் கூடாது. வரிசை எண்கள் கமிட்டுக்கு முன்பே வழங்கப்படுகின்றன; 51,990 என்ற எண்ணைப் பெற்ற டிரான்சாக்ஷன் இன்னும் முடியாமல் இருக்கும்போதே, 52,000 எண் கொண்டது கமிட் ஆகியிருக்கலாம். வரிகளைப் படிக்கும் கட்டளைக்கும் முடிந்ததாகக் குறிக்கும் கட்டளைக்கும் இடையில் 51,990 கமிட் ஆனால், யாரும் படிக்காத அந்த வரி முடிந்ததாகக் குறிக்கப்பட்டுவிடும். தான் படித்த வரிகளின் எண்களை மட்டுமே சொல்லி முடிக்க வேண்டும்.

200 என்ற பதிலோடு திருப்தி அடைவது

எலாஸ்டிக்சர்ச்சின் `_bulk` கோரிக்கைக்கு 200 என்று பதில் வந்தால், கோரிக்கை வாங்கிக்கொள்ளப்பட்டது என்பது மட்டுமே பொருள். ஆயிரம் டாக்குமெண்டுகளில் மூன்று தோற்றிருந்தாலும் மேல்நிலைப் பதில் 200தான். உள்ளே `"errors": true` என்று இருக்கும், தோற்ற ஒவ்வொன்றின் நிலையும் `items` பட்டியலில் தனித்தனியாக இருக்கும். எடை என்ற புலம் எண் வகையாக வரையறுக்கப்பட்டிருக்க, யாரோ ‘500 கிராம்’ என்று நிரப்பிவிட்டால் அந்த டாக்குமெண்ட் 400 என்று திரும்பும். இதை எத்தனை முறை அனுப்பினாலும் பயனில்லை, தனியே எழுதி வைத்து ஒருவர் பார்க்க வேண்டும். 429 என்று திரும்பியது சுமையால் மறுக்கப்பட்டது. சற்றுப் பொறுத்து மீண்டும் அனுப்பினால் ஏறிவிடும். வெற்றி பெற்ற பொருள்களுக்கு மட்டுமே `done_at` நிரப்ப வேண்டும்.

கட்டும் நேரத்தில் நடந்ததை மறப்பது

இருக்கும் இன்டெக்ஸைக் காலி செய்துவிட்டு அதிலேயே கட்டுவது தவறு என்பது இப்போது பலருக்கும் தெரியும். புதிய பெயரில் கட்டி முடித்து, `products` என்ற ஏலியாஸைப் பழையதிலிருந்து கழற்றிப் புதியதில் மாட்டுகிறார்கள்.

```
POST /_aliases
{ "actions": [
  { "remove": { "index": "products_a", "alias": "products" } },
  { "add":    { "index": "products_b", "alias": "products" } }
] }
```

இரண்டு செயலையும் ஒரே கோரிக்கையில் அனுப்பும் வரை நடுவில் தேடல் அறுபடாது. தவறு இதற்கு முன்னால் நடக்கிறது. கட்டுவதற்கு 40 நிமிடம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 2:05 மணிக்குப் புதிய இன்டெக்ஸில் ஏற்றப்பட்ட ஒரு குக்கர் 2:20 மணிக்கு நீக்கப்படுகிறது. டெல்டா அதைக் கடமையாக நீக்குகிறது, ஆனால் ஏலியாஸ் காட்டும் பழைய இன்டெக்ஸிலிருந்து. 2:40 மணிக்கு ஏலியாஸ் மாறியதும் குக்கர் உயிர்த்தெழுந்து, அடுத்த ஞாயிறு வரை நிற்கும். டெல்டாவின் ஓட்டையை அடைக்க வந்த வேலையே புதிய ஓட்டையைப் போட்டுவிட்டுப் போகிறது.

முடிந்த வரிகளை உடனே அழிக்காமல் `done_at` குறித்து ஒரு வாரம் வைத்திருக்க வேண்டியது இதற்காகத்தான். கட்டத் தொடங்கும் முன் தரவுத்தளத்தின் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கட்டி முடித்ததும் டெல்டாவை நிறுத்தி, அந்த நேரத்துக்குப் பிறகு `done_at` பெற்ற பொருள்கள் அனைத்தையும் புதிய இன்டெக்ஸில் மறுபடி ஓட்டுங்கள். பிறகு ஏலியாஸை மாற்றி டெல்டாவைத் தொடங்குங்கள். தொடக்க நேரத்துக்கு முன்பே முடிந்தவை, கட்டும் வேலை படித்த தரவிலேயே அடங்கிவிட்டன. இன்னும் முடியாதவை, ஏலியாஸ் வழியாகப் புதியதிலேயே போய்ச் சேரும். நிறுத்துவது சில நிமிடங்களுக்கு மேல் நீளாது.

ஒப்பிடாமல் மாற்றுவது

ஏலியாஸை மாற்றும் முன் பலர் டாக்குமெண்டுகளின் எண்ணிக்கையை மட்டும் பார்க்கிறார்கள். வேகத்துக்காக `refresh_interval` மதிப்பை -1 என்று வைத்துக் கட்டியிருந்தால், `_refresh` கொடுக்கும் வரை அந்த எண்ணிக்கையே குறைவாகத்தான் காட்டும். எண்ணிக்கை பொருந்தினாலும் போதாது: நீக்கப்படாத ஒன்றும் சேர்க்கப்படாத ஒன்றும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும், விலை தவறிய மிக்ஸியோ எண்ணிக்கையில் வரவே வராது.

டெல்டா நின்றிருக்கும் அந்தச் சில நிமிடங்களில், பழைய இன்டெக்ஸையும் புதியதையும் பொருள் எண் வரிசைப்படி பக்கம் பக்கமாகப் படித்து, விலை, இருப்பு, பகுப்பு ஆகியவற்றை ஒப்பிட்டு, வேறுபடும் எண்களை ஒரு கோப்பில் எழுதுங்கள். வரிசையில் இன்னும் முடியாமல் இருக்கும் பொருள்களை மட்டும் கழித்துவிடுங்கள். மீதி இருப்பவை, இந்த வாரம் டெல்டா தவறவிட்டவை. அவற்றின் `updated_at` எல்லாம் ஒரே நொடியைக் காட்டினால், ஏதோ நீண்ட டிரான்சாக்ஷனின் சந்தில் விழுந்திருக்கின்றன. எல்லாம் ஒரே பகுப்பைச் சேர்ந்தவை என்றால், ஏதோ ஓர் அட்டவணையில் டிரிக்கர் விடுபட்டிருக்கிறது. பழைய இன்டெக்ஸில் மட்டும் இருப்பவை, நீக்கம் சென்று சேராதவை. எந்த வடிவமும் இல்லாமல் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறியிருந்தால், முதலில் `_bulk` பதில்களைப் படிக்கும் நிரலைத் திறந்து பாருங்கள்.