தைராய்டுக்கு செலினியம் மாத்திரை வாங்கும் முன் வீட்டிலேயே போட வேண்டிய கணக்கு

தைராய்டு என்று தெரிந்த மறு வாரமே யாராவது ஒருவர் செலினியம் பற்றிச் சொல்லிவிடுவார்கள். ஒன்று மாத்திரையாக வரும், இல்லாவிட்டால் பிரேசில் நட்டாக வரும். வாங்கும் முன் ஒரு கணக்குப் போட வேண்டும். அரை மணி நேர வேலைதான், ஆனால் லேபிள் படிக்கும் இடத்தில் பலருக்குத் தடுக்கும். அதனால் அந்தப் படியை மட்டும் நீட்டி எழுதுகிறேன்.

செலினியம் என்ன செய்கிறது என்பதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தைராய்டு சுரப்பி பெரும்பாலும் டி4 ஹார்மோனைத்தான் வெளியே விடுகிறது. உடல் அதை டி3 ஆக மாற்றித்தான் பயன்படுத்தும். அந்த மாற்றத்தைச் செய்யும் என்சைம்களுக்கு செலினியம் வேண்டும். சுரப்பியைக் காக்கும் வேறு சில என்சைம்களுக்கும் வேண்டும். ஆனால் தேவையான அளவு ஏற்கெனவே உடலில் இருக்கிறது என்றால், மேலும் போட்டால் மேலும் டி3 வரும் என்று கிடையாது. தைராக்சின் மாத்திரைக்கு இது மாற்றும் இல்லை.

படி 1: மூன்று எண்களை எழுதி வையுங்கள்

ஒரு நோட்டின் மேல் பக்கத்தில் 40, 255, 400 என்று எழுதுங்கள். மூன்றும் ஒரு நாளைக்கு, மைக்ரோகிராமில். 40 என்பது வயது வந்தவருக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர். சொல்லும் தேவை. அமெரிக்காவில் அது 55. 400 என்பது அமெரிக்கா வைத்திருக்கும் உச்ச வரம்பு. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2023-ல் இதை 255 ஆகக் குறைத்தது. அவர்கள் அந்த வரம்பைக் கணக்கிட எடுத்துக்கொண்ட முதல் அறிகுறி என்ன தெரியுமா? முடி கொட்டுதல்.

சிக்கலே அங்கேதான். தைராய்டு குறைந்தாலும் முடி கொட்டும், செலினியம் அதிகமானாலும் முடி கொட்டும். முடி கொட்டுகிறதே என்று இன்னொரு மாத்திரை சேர்ப்பவருக்கு எதனால் கொட்டுகிறது என்பது பிடிபடாமலே போய்விடும். வைட்டமின் சி போன்றவற்றில் தேவைக்கும் ஆபத்துக்கும் நடுவே பெரிய இடைவெளி உண்டு. இங்கே அது மிகக் குறுகல்.

இன்னொன்று: தைராக்சின் மாத்திரையிலும் 50, 75, 100 என்று மைக்ரோகிராமில்தான் எழுதியிருக்கும். அந்த எண்ணுக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அதைக் கூட்ட வேண்டாம்.

படி 2: சாப்பாட்டில் வருவதை எழுதுங்கள்

துல்லியம் வேண்டாம், தோராயம் போதும். ஒரு முட்டைக்கு 15. சமைத்த மத்தி, இறால் இரண்டுக்கும் 100 கிராமுக்கு ஏறக்குறைய 50. சூரை மீன் 100 கிராமுக்கு 100-ஐத் தாண்டும். கோழிக்கறி 100 கிராமுக்கு 25. ஒரு கப் சாதம் 10 சொச்சம், ஒரு கப் வெந்த பருப்பு 6, ஒரு கப் பால் 6.

இவை அமெரிக்க அட்டவணைகளில் வரும் அளவுகள். மீனுக்கு ஓரளவு இங்கும் பொருந்தும். முட்டை, கோழியின் அளவு தீவனத்தைப் பொறுத்தது. அரிசி, கோதுமையை மட்டும் கொஞ்சம் தளர்வாக எடுத்துக்கொள்ளுங்கள். செடி மண்ணில் இருப்பதைத்தான் எடுக்கும். பஞ்சாபில் நவான்ஷஹர், ஹோஷியார்பூர் பக்கம் சில ஊர்களின் மண்ணில் செலினியம் மிக அதிகம், அங்கே விளையும் கோதுமையிலும் அதிகம். வேறு மண்ணில் விளைந்த கோதுமையில் அதில் ஒரு சிறு பங்குதான் இருக்கும். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் வெளியிட்ட இந்திய உணவு அட்டவணையில் செலினியத்துக்கும் எண்கள் உண்டு. பொறுமை இருந்தால் அதைப் பாருங்கள்.

கலோரி கணக்கிடும் செயலிகளை இதற்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். செலினியம் கட்டம் காலியாக இருக்கும் உணவுகளை அவை பூஜ்யமாகக் கூட்டிவிடும். நோட்டும் பேனாவும் போதும்.

படி 3: எல்லா டப்பாக்களையும் மேசையில் வையுங்கள்

எல்லாம் என்றால் எல்லாமும்தான். மல்டிவைட்டமின், முடிக்கு வாங்கிய, மிட்டாய் போல மென்று தின்னும் கம்மி, புரதப் பவுடர், தைராய்டு சப்போர்ட் என்ற பெயரில் வருவது, பிரேசில் நட் பாக்கெட். முடி, நகம், சருமம் என்று எழுதிய டப்பாவில் பயோட்டினோடு செலினியமும் அடிக்கடி இருக்கும்.

படி 4: லேபிளைப் படிப்பது

எழுத்து பொடியாக இருக்கும். போனில் படமெடுத்துப் பெரிதாக்கிப் படியுங்கள். லேபிள் மூன்று விதமாக எழுதப்பட்டிருக்கும்.

முதல் விதம்: செலினியம் 40 மைக்ரோகிராம், சோடியம் செலினைட்டாக. இதில் 40 என்பது செலினியத்தின் எடைதான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். எலிமென்டல் செலினியத்துக்கு நிகராக இத்தனை என்று போட்டிருந்தாலும் அதே முறைதான்.

இரண்டாவது விதம்: எல்-செலினோமெத்தியோனின் 100 மைக்ரோகிராம், வேறு விவரம் இல்லை. இது முழுச் சேர்மத்தின் எடை. அதில் செலினியம் சுமார் 40 சதவீதம், அதாவது 40 மைக்ரோகிராம். நீர் சேராத சோடியம் செலினைட்டாக இருந்தால் 46 சதவீதம், செலினியம் டை ஆக்சைடு என்றால் 71 சதவீதம்.

மூன்றாவது விதம்: இரண்டில் எது என்றே புரியாதது. செலினோமெத்தியோனின் என்ற பெயரைப் பார்த்ததும் 200-ஐ 80 ஆக்கிவிடத் தோன்றும். உண்மையில் அது செலினியமே 200 ஆக இருந்தால், 120-ஐக் கணக்கில் விட்டுவிட்டீர்கள். புரியாத லேபிளுக்குப் பெரிய எண்ணையே எழுதுங்கள். கூடுதலாக எழுதுவதில் ஆபத்தில்லை, குறைத்து எழுதுவதில்தான் ஆபத்து.

அப்புறம் இரண்டு சின்ன விஷயம். லேபிள் எண் ஒரு மாத்திரைக்கா, இரண்டுக்கா என்று பாருங்கள். கம்மிகளில் பெரும்பாலும் இரண்டு சேர்ந்துதான் ஒரு அளவு. மில்லிகிராமா மைக்ரோகிராமா என்றும் பாருங்கள். 0.2 மில்லிகிராம் என்பது பார்க்கச் சின்னதாக இருக்கும், அதுதான் 200 மைக்ரோகிராம்.

ஒரு கணக்கை முழுதாகப் பார்க்கலாம்

பெரம்பூரில் இருக்கும் என் பெரியம்மா மகள் கணக்கு இது. அக்காவுக்கு டி.எஸ்.எச். மாத்திரையில் கட்டுக்குள் இருந்தது, முடி மட்டும் கொட்டிக்கொண்டே இருந்தது. நகங்களில் வெள்ளைக் கோடுகள், விளிம்பு உடைகிறது. மேசையில் வந்தவை: மல்டிவைட்டமின் 40. கம்மி இரண்டு, மேலே சொன்ன இரண்டாவது வித லேபிள், 40. தைராய்டு சப்போர்ட் காப்ஸ்யூல் 200. தினம் மூன்று பிரேசில் நட்.

"இயற்கையான கொட்டைதானேடா, அது என்ன பண்ணிடும்?" என்றார் அக்கா. ஒரு பிரேசில் நட்டில் சராசரியாக 70 முதல் 90 மைக்ரோகிராம் இருக்கும். அமேசான் காட்டில் எந்தப் பகுதி மரம் என்பதைப் பொறுத்து இதைவிடப் பல மடங்கு கூடவோ குறையவோ செய்யலாம், பாக்கெட்டைப் பார்த்து அதைச் சொல்ல முடியாது. மூன்றுக்கு 240 என்று வைத்தோம்.

சாப்பாடு: இரண்டு முட்டை 30, சாதம், பருப்பு, பால், தயிர் சேர்த்து 35. மொத்தம் 65. ஆக 40, 40, 200, 240, 65 சேர்ந்து 585. மீன் வாங்கும் நாளில் 600-ஐத் தாண்டும். இரண்டு வரம்பையும் கடந்தாயிற்று, அதுவும் மாதக்கணக்கில்.

நட், காப்ஸ்யூல், கம்மி மூன்றையும் எடுத்துவிட்டால் 105. அந்த நோட்டை அப்படியே மருத்துவரிடம் காட்டினோம். அவர் மூன்றையும் நிறுத்தச் சொல்லி, ஃபெரிட்டினும் பார்க்கச் சொன்னார். இரும்புச்சத்து குறைவும் அதே போல முடியைக் கொட்டவைக்கும். முடி கொட்டியது செலினியத்தால் மட்டும்தான் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். நகம் அடியிலிருந்து புதிதாக வளர்ந்து வர மாதங்கள் ஆகும், அதனால் நிறுத்திய மறு வாரம் மாற்றத்தைத் தேடாதீர்கள்.

படி 5: அதிகமாகிவிட்டதா என்று எப்படித் தெரியும்

முடி, நகம் தவிர, மூச்சில் பூண்டு வாடை, வாயில் உலோகச் சுவை, குமட்டல், வயிற்றுப்போக்கு, காரணம் தெரியாத சோர்வு. பூண்டு சாப்பிடாத நாளிலும் வாடை இருக்கிறது என்று வீட்டில் யாராவது சொன்னால் அலட்சியப்படுத்தாதீர்கள். கணக்கு சரியாக இருந்தாலும் இந்த அறிகுறிகள் வரலாம், ஏனென்றால் டப்பா பொய் சொல்லலாம். 2008-ல் அமெரிக்காவில் ஒரு திரவச் சத்து மருந்தில் லேபிளில் போட்டதைவிட சுமார் 200 மடங்கு செலினியம் கலந்துவிட்டது. 201 பேர் பாதிக்கப்பட்டார்கள். அறிகுறி வந்தால் எல்லா டப்பாவையும் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். தைராக்சினை மட்டும் நீங்களாக நிறுத்த வேண்டாம்.

படித்தவர்கள் கேட்ட பிறகு சேர்த்தது

தைராய்டைத் தாக்கும் எதிர்ப்பொருளான ஆன்டி டி.பி.ஓ. அதிகம், அப்போது எடுக்கலாமா என்று பலர் கேட்டிருந்தார்கள். சில ஆய்வுகளில் செலினியம் அந்த எண்ணைக் குறைத்தது உண்மைதான். ஆனால் அதனால் தைராக்சின் தேவை குறைந்தது என்று உறுதியாகக் காட்டப்படவில்லை. எண்ணை அழகாக்க மட்டும் எடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. தைராய்டு அதிகமாகச் சுரக்கும் கிரேவ்ஸ் நோயில் கண் லேசாகப் பாதிக்கப்படும்போது மட்டும் கதை வேறு. சோடியம் செலினைட் 100 மைக்ரோகிராம் வீதம் தினம் இரு வேளை, ஆறு மாதம் கொடுத்த ஐரோப்பிய ஆய்வில் பலன் தெரிந்தது. அதை முடிவு செய்ய வேண்டியது மருத்துவர்.

முட்டையும் சாப்பிடாத மயிலாப்பூர் வாசகி ஒருவர் தனக்குப் போதுமா என்று கேட்டார். இரண்டு கப் சாதம், இரண்டு சப்பாத்தி, பருப்பு, பால், தயிர் சேர்ந்தாலே தோராயமாக 40-ஐ ஒட்டி வந்துவிடும். மனம் கேட்கவில்லை என்றால் ஒன்று விட்டு ஒரு நாள் ஒரே ஒரு பிரேசில் நட் போதும். அதோடு காப்ஸ்யூல் கூடாது.

மல்டிவைட்டமினில் இரும்பும் கால்சியமும் இருக்கும், ஆகவே தைராக்சினிலிருந்து நாலு மணி நேரம் தள்ளிப் போடுங்கள். பயோட்டின் கம்மி சாப்பிடுபவர்கள் தைராய்டு ரத்தப் பரிசோதனைக்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பே நிறுத்துங்கள், இல்லாவிட்டால் முடிவு தவறாக வரலாம்.

பொடுகு ஷாம்பூவில் செலினியம் சல்ஃபைடு இருக்கிறதே, அதையும் கூட்ட வேண்டுமா என்று ஒருவர் கேட்டிருந்தார். நல்ல கேள்வி. புண் இல்லாத தோல் வழியாக அது உள்ளே போவது மிக மிகக் குறைவு, அதனால் நோட்டில் எழுத வேண்டாம்.