போனில் டவர் போனால் முதலில் என்ன பார்க்க வேண்டும்? சிம் மாற்று மோசடியிலிருந்து பேங்க், மின்னஞ்சல் கணக்குகளைக் காப்பது

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் துணிக்கடை வைத்திருக்கும் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். வெள்ளிக்கிழமை மாலை, கடையில் கூட்டம். ஓர் அழைப்பு வருகிறது. "அண்ணா, உங்க சிம்மை 5ஜிக்கு மாத்துறோம். இப்ப ஒரு மெசேஜ் வரும், அதுக்கு 1னு பதில் அனுப்புங்க." அவரும் அனுப்புகிறார். கொஞ்ச நேரத்தில் போனில் சிக்னல் காணவில்லை. டவர் பிரச்சினைதான் என்று வியாபாரத்தைப் பார்க்கப் போய்விடுகிறார்.

நடந்தது இதுதான். மோசடிக்காரர் இவருடைய எண்ணுக்குப் புதிய சிம் அல்லது இ-சிம் கேட்டு ஏற்கெனவே விண்ணப்பித்துவிட்டார். "நீங்கள்தான் கேட்டீர்களா?" என்று நிறுவனம் அனுப்பிய மெசேஜுக்குத்தான் இவர் 1 அனுப்பினார். புதிய சிம் உயிர் பெற்றதும் பழையது செத்துவிடும். சிலர் போலி அடையாள அட்டையோடு கடைக்கே போய் சிம் வாங்குவதும் உண்டு. அப்போது இந்த அழைப்புகூட வராது.

படி 1: டவர் பிரச்சினையா, சிம் போய்விட்டதா?

போனை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். பக்கத்துக் கடையில் அதே நிறுவனத்தின் சிம் வைத்திருப்பவருக்கு சிக்னல் இருக்கிறதா என்று கேளுங்கள். அவருக்கு இருந்து உங்களுக்கு இல்லையென்றால், அவர் போனிலிருந்து உங்கள் எண்ணை அழையுங்கள். உங்கள் போன் சும்மா இருக்க, அந்தப் பக்கம் மணி அடித்தால் உங்கள் எண் இன்னொருவர் கையில் இருக்கிறது. 'ஸ்விட்ச் ஆஃப்' என்று வந்தாலும் நிம்மதி அடையாதீர்கள். மோசடிக்காரர் போனை அணைத்தும் வைத்திருக்கலாம். சிக்னல் போவதற்கு முன் சிம் மாற்றம் பற்றி ஏதாவது மெசேஜ் வந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

படி 2: உடனே செய்ய வேண்டியவை

பக்கத்துக் கடைக்காரர் போனிலிருந்தே பேங்கை முதலில் அழையுங்கள். கார்டின் பின்பக்கம் எண் இருக்கும். நெட் பேங்கிங், யுபிஐ, கார்டு மூன்றையும் முடக்கச் சொல்லி, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் அதே போனில் சிம் நிறுவனத்தின் புகார் எண்ணான 198 அழைத்து சிம்மை நிறுத்தச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930 அழையுங்கள். cybercrime.gov.in தளத்திலும் புகார் பதியலாம். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் சொன்னால்தான் அதை வழியில் நிறுத்தி வைக்க வாய்ப்பு இருக்கிறது.

சிம் மாற்றிய முதல் 24 மணி நேரம் புதிய சிம்முக்கு எஸ்எம்எஸ் போகக் கூடாது என்பது இந்தியாவில் விதி. உங்களுக்குக் கிடைக்கும் அவகாசம் இது. ஆனால் அழைப்புகள் போகும். குரல் அழைப்பில் ஓடிபி சொல்லும் சேவைகள் இருப்பதால் இதை மட்டும் நம்பி உட்கார்ந்துவிடக் கூடாது.

படி 3: மின்னஞ்சலை எண்ணிலிருந்து பிரியுங்கள்

இதை இன்றே, சிம் நன்றாக இருக்கும்போதே செய்யுங்கள். என்னைக் கேட்டால் பேங்கைவிட முதலில் பூட்ட வேண்டியது மின்னஞ்சலைத்தான். பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்று அழுத்தினால் ஜிமெயில் உங்கள் எண்ணுக்குக் குறியீடு அனுப்பும். அது கிடைத்துவிட்டால், மின்னஞ்சல் வழியாக மற்ற கணக்குகளின் பாஸ்வேர்டையும் ஒவ்வொன்றாக மாற்றிவிடலாம்.

கூகுள் கணக்கின் Security பகுதியில் 2-Step Verification உள்ளே போங்கள். Authenticator செயலியைச் சேருங்கள். அடுத்து Backup codes எடுத்து, தாளில் எழுதி பீரோவில் வையுங்கள். இந்த இரண்டும் கையில் வந்த பிறகுதான் அங்கிருந்தும், மீட்புக்கான எண் பகுதியிலிருந்தும் உங்கள் மொபைல் எண்ணை நீக்க வேண்டும். வரிசை மாறினால் உங்கள் கணக்குக்குள் நீங்களே போக முடியாமல் மாட்டிக்கொள்வீர்கள்.

படி 4: பேங்க் கணக்கு

பேங்க் ஓடிபியை எண்ணிலிருந்து பிரிக்க பெரும்பாலும் வழியில்லை. அதனால் சேதத்தைக் குறைக்கப் பாருங்கள். ஒரு நாள் பரிமாற்ற வரம்பை உங்கள் தேவைக்குக் குறையுங்கள். பணம் எடுக்கப்பட்டால் மின்னஞ்சலிலும் தகவல் வரும்படி கேளுங்கள். சிம் செத்தாலும் கடை வைஃபையில் அது வந்து சேரும்.

சிம்முக்கு PIN எண் போட்டால் போதுமே என்று பலர் கேட்கிறார்கள். போனைத் திருடி அந்த சிம்மை வேறு போனில் போடுபவரை அது தடுக்கும். புதிய சிம் வாங்குபவரிடம் அந்தப் பழைய சிம்மே கிடையாது, அதனால் அவரைத் தடுக்காது.

எண் திரும்பக் கிடைத்ததும் பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள். ஜிமெயிலின் அமைப்புகளில் Filters, Forwarding இரண்டையும் திறந்து பாருங்கள். பேங்க் மின்னஞ்சல்களை உங்கள் கண்ணில் படாமல் திருப்பிவிடும் விதி ஏதாவது மோசடிக்காரர் போட்டிருந்தால் அங்கேதான் இருக்கும். பாஸ்வேர்டை மாற்றினாலும் அது தானாகப் போகாது, நீங்கள்தான் நீக்க வேண்டும்.