வாடகை வீட்டுச் சுவருக்கு பெயின்ட்: பளபளப்பில் ஏமாறும் இடங்கள்

"கழுவ முடியுமா?" என்ற ஒரே கேள்வியோடு பெயின்ட் வாங்கப் போவதுதான் வாடகை வீட்டில் இருப்பவர்கள் செய்யும் முதல் தவறு. நானும் செய்திருக்கிறேன். கழுவலாம் என்றதும் பளபளப்பு அதிகமான ஷீன் வகையை எடுத்துவந்து ஹால் முழுக்க அடித்தேன். இரண்டு வருடம் ஒரு குறையும் இல்லை. காலி செய்யும்போது ஆறு ஆணி ஓட்டைகளை பட்டி வைத்து அடைத்து, தேய்த்து, மிச்சம் வைத்திருந்த அதே டப்பா பெயின்டை அந்த இடங்களில் மட்டும் தொட்டு வைத்தேன். நேரே நின்று பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. மாலையில் ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்ததும், ஆறு இடத்திலும் தேமல் மாதிரி தனித்தனியாகத் தெரிந்தது! கடைசியில் அந்தச் சுவர் முழுவதையும் மூலையிலிருந்து மூலை வரை மறுபடி அடிக்க வேண்டியதாயிற்று.

காரணம் எளிமையானதுதான். பளபளப்பான பெயின்டில் நிறத்தூளையும் நிரப்பியையும் பிணைக்கிற பிசின் அதிகம். அது சுவர்மேல் மூடிய தோல் மாதிரி படிகிறது, அதனால்தான் அழுக்கு உள்ளே இறங்காது, துடைத்தால் போய்விடுகிறது. ஆனால் அந்தத் தோல் ஒளியை ஒரே பக்கமாகத் திருப்பி அனுப்புவதால், பட்டி வைத்த மேடு, பழைய பெயின்டுக்கும் புதியதுக்கும் உள்ள பளபளப்பு வித்தியாசம், பிரஷ் கோடு எல்லாவற்றையும் காட்டிக்கொடுத்துவிடும். பளபளப்பே இல்லாத மேட் வகையில் பிசின் குறைவு, தூள் அதிகம், ஒளி நாலாபுறமும் சிதறும். அதனால் ஒட்டுப்போட்ட இடம் சுவரோடு கலந்துவிடும். அதற்காக எல்லா இடத்திலும் மேட் அடித்தால் அது இன்னொரு தவறு, ஏனென்றால் சாதாரண மேட் சுவரில் கைப்படும் இடத்தை நாலு முறை அழுத்தித் துடைத்தாலே அந்த இடம் மட்டும் மெருகேறி மினுங்க ஆரம்பித்துவிடும், கறை போனாலும் துடைத்த தடம் போகாது.

என் கணக்கு இப்போது இப்படி: ஹாலிலும் படுக்கையறையிலும் கழுவக்கூடிய மேட், சமையலறையிலும் சுவிட்ச் போர்டு இருக்கும் குறுகிய நடையிலும் மட்டும் மிதமான பளபளப்புள்ள சாட்டின். கழுவக்கூடியது என்று முகப்பில் எழுதியிருப்பதை அப்படியே நம்ப வேண்டாம். ஈரத்தில் தேய்ப்பைத் தாங்கும் வகுப்பு எண்ணைச் சில டப்பாக்களில் போட்டிருப்பார்கள். ஐரோப்பிய முறையில் 1 முதல் 5 வரை, 1தான் உறுதியானது. 200 முறை தேய்த்ததில் படலம் 5 மைக்ரானுக்கும் குறைவாகத் தேய்ந்தால் வகுப்பு 1, 5 முதல் 20க்குள் தேய்ந்தால் வகுப்பு 2. மேட்டிலேயே இந்த இரண்டு வகுப்பும் கிடைக்கின்றன, அதனால் பளபளப்பு இருந்தால்தான் கழுவ முடியும் என்பதில்லை.

அப்புறம் வாசனை. வாசனை குறைவு என்பதும் காற்றில் கலக்கும் கரைப்பான் குறைவு என்பதும் ஒன்றல்ல. மூக்குக்குத் தெரியாதபடி செய்தும் விற்கலாம். பார்க்க வேண்டியது டப்பாவின் பின்பக்கத்தில் லிட்டருக்கு இத்தனை கிராம் என்று இருக்கும் எண். உள்சுவருக்கான மேட் பெயின்டில் ஐரோப்பிய ஒன்றியம் 2010 முதல் வைத்திருக்கும் உச்சவரம்பு லிட்டருக்கு 30 கிராம், வாசனை குறைவு என்று விற்கிற நல்ல பெயின்டுகளில் அதைவிட மிகக் குறைவாகவே இருக்கும். ஆனால் அந்த எண் பெரும்பாலும் அடிப்படை வெள்ளைக்கானது. கடையில் அடர்நிறம் கலக்கும்போது ஊற்றுகிற சாயத்தைப் பொறுத்து அது ஏறலாம். இதைவிடப் பெரிய ஓட்டை பிரைமர்: பெயின்டைப் பார்த்துப் பார்த்து வாங்கிவிட்டு, அடியில் தின்னர் கலந்த பிரைமரை அடிக்க விட்டால் வீடு நாள்கணக்கில் நாறும். கறை ஊறிவரும் சுவராக இல்லாவிட்டால் தண்ணீர் பிரைமரே போதும்.

பழைய சுவரை உள்ளங்கையால் ஒருமுறை தேய்த்துப் பாருங்கள். வெள்ளைத் தூள் ஒட்டினால் அது பெரும்பாலும் டிஸ்டம்பர், அதன்மேல் எவ்வளவு நல்ல பெயின்ட் அடித்தாலும் தூளோடு சேர்ந்து உரிந்துவிடும். ஈரத்துணியால் துடைத்தெடுத்து, காயவைத்து, பிறகு பிரைமர்.

அடித்து முடித்ததும் ஒரு சின்ன கண்ணாடிப் புட்டியில் விளிம்புவரை மிச்சத்தை ஊற்றி இறுக மூடி, நிறத்தின் எண்ணையும் தேதியையும் எழுதி வையுங்கள். ஒட்டுப்போடும்போது சுவர் ரோலரால் அடித்ததென்றால் ரோலராலேயே தொடுங்கள், பிரஷ் கோடு தனியாக நிற்கும். இன்னொன்று, தொட்டுப் பார்க்க இரண்டு மணி நேரத்தில் காய்ந்தாலும் படலம் முழுதாக இறுக 3, 4 வாரம் ஆகும். அதற்குள் கறை பட்டால் ஈரப் பஞ்சால் மெல்ல ஒற்றி எடுங்கள், சோப்பு போட்டுத் தேய்க்க வேண்டாம்.