மேனேஜரிடம் ஜோக் அடிப்பது எப்படி: புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு

டீமில் எல்லோரும் மேனேஜரோடு சிரித்துப் பேசுகிறார்கள், நாம் மட்டும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு இருந்த சிக்கல் இது. பிறகு மீட்டிங்குகளில் கவனித்துக் கவனித்து ஒரு வழி பிடித்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். எப்படிச் சிரிக்க வைப்பது என்று சொல்லப்போவதில்லை, அது உங்களுக்கே வரும்.

1. முதலில், யார் யாரைக் கிண்டல் செய்கிறார்கள் என்று பாருங்கள்

ரோஸ் லாப் கோசர் என்ற சமூகவியலாளர் அமெரிக்காவில் ஒரு மனநல மருத்துவமனையின் ஊழியர் கூட்டங்களில் உட்கார்ந்து, யார் ஜோக் சொல்கிறார், அது யார்மேல் விழுகிறது என்று குறித்துவைத்தார். 1960-இல் கட்டுரையாக வந்தது. அதிகம் ஜோக் சொன்னவர்கள் மூத்த மருத்துவர்கள். அவர்கள் தங்களுக்குக் கீழே இருந்தவர்களைத் தாராளமாகக் கிண்டல் செய்தார்கள். இளையவர்களோ கூட்டத்தில் இருந்த மூத்தவரைக் குறிவைக்கவே இல்லை.

உங்கள் ஆபீஸிலும் ஒரு வாரம் கவனித்தால் இதே போக்கு தெரியும். மேனேஜர் உங்களைக் கிண்டல் செய்து அது எடுபடாமல் போனால் அவருக்கு ஒன்றும் குறையாது. நீங்கள் அவரைக் கிண்டல் செய்து எடுபடாமல் போனால், உங்கள் லீவையும் ரேட்டிங்கையும் முடிவு செய்பவர் அவர்தான்.

2. ஜோக்கை ஆள்மேல் போடாமல் நிலைமைமேல் போடுங்கள்

ஏசி, ப்ரொஜெக்டர், கேன்டீன் காபி, நெட் ஸ்பீடு. இவை அவரையும் உங்களையும் ஒன்றாகப் படுத்துகிற விஷயங்கள், அதனால் பயமில்லை. ஆனால் அந்த ப்ரொஜெக்டரை வாங்கச் சொன்னதே அவராக இருந்தால் அது அவர்மேல் அடித்த ஜோக்தான், விசாரித்துக்கொள்ளுங்கள். சம்பளம், இன்க்ரிமென்ட் பற்றி அப்ரைசல் சமயத்தில் சொல்லும் ஜோக், ஜோக்காகக் காதில் விழாது. கோரிக்கையாகத்தான் விழும்.

3. அவர் தன்னையே கிண்டல் செய்துகொள்ளும்போது

நிறையப் பேர் சறுக்குவது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

திங்கட்கிழமை ரிவ்யூ மீட்டிங். பதினொரு மணிக்குத் தொடங்கியது ஒன்றரை ஆகியும் முடியவில்லை. மேனேஜரே சிரித்துக்கொண்டு, "நான் பேச ஆரம்பிச்சா நிறுத்தவே மாட்டேன், வீட்டுலயும் இதையேதான் சொல்றாங்க" என்கிறார். எல்லோரும் சிரிக்கிறார்கள். இப்போது என்ன சொல்லலாம்?

"ஆமா சார், நாங்களும் அதையேதான் பேசிக்கிட்டிருந்தோம்." இது கூடவே கூடாது. அவர் தன் குறையைத் தானே சொல்லிக்கொண்டது பணிவு. நீங்கள் ஆமோதித்தால் அது தீர்ப்பு. அதோடு, முதுகுக்குப் பின்னால் பேசுகிறீர்கள் என்பதையும் நீங்களே சொல்லிக்கொடுத்தாயிற்று.

"வீட்டுல எப்படி சார் சமாளிக்கிறாங்க?" இதுவும் வேண்டாம். வீட்டுப் பேச்சை அவர் எடுக்கலாம், நீங்கள் தொடரக் கூடாது.

"சார், கேன்டீன்ல சாம்பார் தீர்றதுக்குள்ள அடுத்த பாயின்ட்டுக்குப் போயிடலாம் சார்." இதைச் சொல்லலாம். பகடி சாம்பார்மேல், அவருடைய பழக்கத்தின்மேல் இல்லை. எல்லோருக்கும் பசிக்கிறது என்ற செய்தியும் போய்ச் சேர்ந்துவிடும். அவரே தன்னைக் கிண்டல் செய்துகொண்ட பிறகுதான் இது சரி. அவர் மும்முரமாகப் பேசிக்கொண்டிருக்கும்போது நடுவில் சொன்னால் புகாராகிவிடும்.

கிளையன்ட்டோ, அவருடைய மேலதிகாரியோ அறையில் இருந்தால் சாம்பாரும் வேண்டாம். அப்போது அவரையே வேறொருவர் எடைபோட்டுக்கொண்டிருக்கிறார்.

4. எடுபட்டதா என்று பார்ப்பது

சிரிப்பை மட்டும் நம்பாதீர்கள். அவர் உங்கள் ஜோக்கின்மேல் தன் பங்குக்கு ஒன்று சேர்த்தால் ("ரசமாவது இருக்கும்ல?") பிடித்திருக்கிறது. புன்னகைத்துவிட்டு "சரி, நெக்ஸ்ட்" என்றால் அன்றைக்கு அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். முகம் மாறிவிட்டால் "சும்மா சொன்னேன் சார்" என்று விளக்கப் போகாதீர்கள், அது ஜோக்கை இன்னும் பெரிதாக்கும். வேலை சம்பந்தமாக ஒரு கேள்வி கேட்டுப் பேச்சை நகர்த்துங்கள்.

என் விருப்பம் எப்போதும் நேரில்தான், அதுவும் டீக்கடையில் நாலு பேராக நிற்கும்போது. வாட்ஸ்அப் குரூப்பில் மேனேஜர் முகம் வைத்த ஸ்டிக்கர் வேண்டவே வேண்டாம். அது ஸ்க்ரீன்ஷாட்டாகி, நீங்கள் நினைத்தே பார்க்காத ஒருவரிடம் போய் நிற்கும்.

பின்சேர்க்கை: கான்ட்ராக்டில் வேலை செய்யும் ஒரு வாசகர் கேட்டிருந்தார்: பத்து வருடமாக இருக்கும் சீனியர் ஒருவர் மேனேஜரை "எங்க தல இன்னைக்கும் லேட்டு" என்கிறார், எல்லோரும் சிரிக்கிறார்கள், நானும் சொல்லலாமா? சொல்லாதீர்கள். அந்த சீனியரை மேனேஜர் லேசில் அனுப்ப முடியாது, பல வேலைகளுக்கு அவரை நம்பியும் இருக்கிறார். அந்த பலம்தான் அவரைச் சொல்ல வைக்கிறது. உங்கள் கான்ட்ராக்டைப் புதுப்பிக்கும் கையெழுத்து மேனேஜருடையது. அந்த சீனியர் சொல்லும்போது நீங்களும் சேர்ந்து சிரிக்கலாம். அப்போதும் முதலில் சிரிப்பவர் நீங்களாக இருக்க வேண்டாம், மேனேஜர் சிரித்த பிறகு சிரியுங்கள்.