ரெஸ்யூமேவில் எண் வேண்டும் என்கிறார்கள், என் வேலையில் எண்ணே இல்லையே?

விற்பனையில் இருந்தவர்களுக்குக் கவலை இல்லை, இவ்வளவு விற்றேன் என்று எழுதிவிடுவார்கள். ஊரில் ஆசிரியராகவோ அலுவலக நிர்வாகத்திலோ இருந்துவிட்டு இங்கே வெளிநாட்டுக்கு வந்து வேலை தேடுபவர்கள்தான் இந்த இடத்தில் திணறுகிறார்கள். புதிதாக வந்த சிலருடைய ரெஸ்யூமேக்களை உடன் உட்கார்ந்து திருத்தியிருக்கிறேன். ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஒரே மாதிரி வரி இருக்கும்: 'அலுவலக நிர்வாகப் பணிகளைக் கவனித்துக்கொண்டேன்.' உங்கள் பழைய நிறுவனத்தின் பெயரை இங்கே யாரும் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். அது 5 பேர் வேலை செய்யும் இடமா, 500 பேர் இடமா என்றுகூட அந்த வரியிலிருந்து தெரியாது.

அதனால் சாதனையைத் தேடுவதற்கு முன்னால் அளவைத் தேடுங்கள். எத்தனை பேருக்காக வேலை செய்தீர்கள், எது எத்தனை முறை வந்தது, எவ்வளவு நேரம் பிடித்தது. இந்த மூன்றும் எந்த வேலையிலும் இருக்கும்.

ஒரு அக்காவுடன் இதைச் செய்தது நினைவிருக்கிறது. எட்டு வருடம் அலுவலக நிர்வாகம் பார்த்தவர். "நான் எதையும் எண்ணினதே இல்லையே" என்றார். சரி, ஒரு சாதாரண திங்கட்கிழமை காலையில் மேசையில் என்ன இருக்கும் என்று கேட்டேன். பில்கள் என்றார். எத்தனை? கொஞ்சம் யோசித்துவிட்டு, வாரத்துக்கு முப்பது போல வரும் என்றார். அப்படியானால் மாதத்துக்குச் சுமார் 120. அலுவலகத்தில் 40 பேர். அவர் வருவதற்கு முன்னால் பில்கள் ஒரு தட்டில் குவிந்து கிடக்கும், கெடு தாண்டிப் பணம் கட்டுவது வழக்கமாகவே இருந்தது. அவர் எக்செலில் கெடு தேதி வாரியாக ஒரு பட்டியல் போட்டு, தினமும் காலையில் அதைத் திறந்து பார்க்கத் தொடங்கினார். முன்பு தாமதக் கட்டணத்தோடு மாதத்துக்கு எட்டு பில் போல வரும், அப்புறம் ஒன்றோ இரண்டோதான். இதையெல்லாம் பேச்சுவாக்கில்தான் சொன்னார், இதை எழுதலாம் என்றே அவருக்குத் தோன்றவில்லை.

அந்த வரி இப்படி மாறியது: '40 பேர் பணிபுரியும் அலுவலகத்தில் மாதத்துக்குச் சுமார் 120 பில்களைக் கையாண்டேன், கெடு தேதிப் பட்டியலை உருவாக்கி, தாமதமாகும் பில்களை மாதம் 8-லிருந்து 2-ஆகக் குறைத்தேன்.' முதல் பாதி வேலையின் அளவைச் சொல்கிறது, இரண்டாம் பாதி அவர் என்ன செய்தார், அதனால் என்ன மாறியது என்று சொல்கிறது. '75 சதவீதம் குறைத்தேன்' என்றும் எழுதியிருக்கலாம், கணக்கு சரிதான். ஆனால் எண்ணிக்கை சிறிதாக இருக்கும்போது சதவீதம் ஊதிப் பெரிதாக்கியது போலத் தெரியும். உள்ள எண்ணையே எழுதுவது நல்லது.

ஆசிரியர்கள் பெரும்பாலும் 'நூறு சதவீதத் தேர்ச்சி' என்று எழுதுகிறார்கள். அந்தத் தேர்வையும் தேர்ச்சி மதிப்பெண்ணையும் அறியாதவருக்கு இது எதையும் சொல்லாது. தவிர, அது உங்கள் ஒருவரால் மட்டும் வந்ததும் இல்லை. 'ஆண்டுக்கு 4 வகுப்புகளில் 150 மாணவர்களுக்குக் கணிதம் கற்பித்தேன். முதல் பருவத்தில் தோல்வியடைந்த 11 பேருக்கு வாரம் ஒரு கூடுதல் வகுப்பு நடத்தினேன், ஆண்டிறுதியில் 8 பேர் தேர்ச்சி பெற்றார்கள்' என்பது எந்த நாட்டிலும் புரியும். மீதி மூன்று பேரை மறைக்க வேண்டியதில்லை, 11-க்கு 8 என்பதே நம்பத் தகுந்ததாக இருக்கிறது. வகுப்பின் பெயரையும் மாற்ற மறக்காதீர்கள். 'பிளஸ் டூ' என்பதற்குப் பதில் '17 வயது மாணவர்கள்' என்று போட்டால் குழப்பம் இல்லை. அதுபோல லட்சம், கோடி என்று எழுதாமல், 12 லட்சம் என்பதை 1.2 மில்லியன் என்று, எந்த நாட்டுப் பணம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

பதிவேடுகள் எல்லாம் ஊரில் இருக்கின்றனவே என்றால், பழைய சக ஊழியருக்கு ஒரு போன் போடுங்கள். உங்கள் கணக்கும் அவர் கணக்கும் ஏறக்குறைய ஒத்துப்போனால் 'சுமார்' என்று சேர்த்து எழுதலாம். இரண்டுக்கும் நடுவே பெரிய வித்தியாசம் இருந்தால் குறைவான எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். மாணவர் பட்டியலையோ நிறுவனக் கோப்புகளையோ படமெடுத்து அனுப்பச் சொல்லாதீர்கள், எண்ணிக்கை மட்டும் போதும். நினைவே இல்லாத இடத்தில் எண் போட வேண்டாம். எல்லா வரியிலும் எண் வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை, ஒரு வேலைக்கு இரண்டு மூன்று வரிகளில் இருந்தால் போதும்.

எழுதி முடித்ததும் ஒவ்வொரு எண்ணையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். "அந்த எட்டு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று இன்டர்வியூவில் நிச்சயம் கேட்கலாம். அந்த அக்காவிடம் பதில் தயாராக இருந்தது: தாமதக் கட்டணம் போட்டு வரும் பில்களைத் தனியாக ஒரு கிளிப்பில் மாட்டி, மாதக் கடைசியில் மேலாளரிடம் கொடுத்தது அவர்தான்.