பில்லில் இருந்த 5331

அக்கா கரண்ட் பில்லை போட்டோ எடுத்து, "இதைக் கொஞ்சம் பாரு" என்று மட்டும் அனுப்பியிருந்தாள். தொகை அதிகம் என்பது அவள் கவலை. நான் தொகையைப் பார்க்கவில்லை; முதலில் ரீடிங்.

முந்தையது 4812. இப்போதையது மங்கலாக, 5331 என்றும் 5391 என்றும் படிக்கலாம்போல இருந்தது. பயன்பாடு 519 யூனிட் என்று தெளிவாக இருந்ததால் கூட்டிப் பார்த்தேன்: 5331தான். கணக்கு சரி. ஆனால் ரீடிங்கே சரியா?

மீட்டரை, அதன் எண்ணும் தெரியும்படி, படம் எடுக்கச் சொன்னேன். எண் பில்லோடு ஒத்துப்போனது. ரீடிங் எடுத்து 5 நாள் கழித்தும் மீட்டர் 5188தான் காட்டியது! மீட்டர் பின்னால் ஓடாதே.

5133 என்பதை 5331 என்று மாற்றி எழுதியிருக்கலாம். அப்படியானால் 30 நாளுக்கு 321 யூனிட், அதாவது நாளுக்குச் சுமார் 11. பிந்தைய 5 நாளில் ஓடியதும் 55தான்.

இருந்தாலும் புகாரில் இந்த ஊகத்தை எழுத வேண்டாம் என்றேன். தேதி தெரியும் மீட்டர் படம், பில் படம், "மீட்டரைவிட பில் ரீடிங் அதிகம்" என்ற ஒரு வரி, அவ்வளவுதான். கட்டண விகிதப் பக்கத்தை அவள் அனுப்பவில்லை, அதனால் தொகையைச் சரிபார்க்கவில்லை என்பதையும் சொல்லிவிட்டேன். மறுபடி ரீடிங் எடுத்து, பில்லைத் திருத்திக் கொடுத்தார்கள்.