இன்வெர்ட்டரில் ரூட்டர் திரும்பத் திரும்ப அணைந்தால்

மின்தடையின்போது ரூட்டர் ஒருமுறை மட்டும் அணைந்து எழுந்தால், இன்வெர்ட்டர் மாறும் இடைவெளியே காரணம்; ஆனால் விளக்குகள் எரிந்து வைஃபை தொடங்கும் தறுவாயில் மறுபடி மறுபடி அணைந்தால், பெரும்பாலும் அடாப்டர்தான் பலவீனமடைந்திருக்கும். தனியாகக் கழற்றி அளந்தால் அது சரியாக 12 வோல்ட் காட்டி ஏமாற்றிவிடும் என்பதால், இரண்டாகப் பிரியும் டிசி ஒயரைப் பொருத்தி, ரூட்டர் இயங்கும்போதே மல்டிமீட்டரில் பாருங்கள். அளவு 10 வோல்ட்டுக்குக் கீழே சரிந்த அதே நொடியில் ரூட்டர் அணைந்தால், அதே வோல்ட்டும் அதே முனைத்துருவமும் குறையாத ஆம்பியரும் கொண்ட புதிய அடாப்டரை மாற்றுங்கள்.

அதன் பின்னும் தொடர்ந்தால் மின்விசிறிகளை நிறுத்திப் பாருங்கள். உடனே சரியானால், பேட்டரி முனைகளின் தளர்வையும் உப்புப் படிவையும் எலக்ட்ரீஷியனிடம் காட்டுவது நல்லது. 12 வோல்ட் பேட்டரி சார்ஜாகும்போது 14 வோல்ட்டைத் தாண்டும் என்பதால், ரூட்டரை அதனுடன் நேரடியாக இணைக்கவே வேண்டாம்.